700 ரூபாய்க்குள் ஒரு கீபோர்டு: கடையில் கால் மணி நேரம்

பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி. வீட்டில் அண்ணன் விட்டுப்போன பழைய லேப்டாப் இருக்கிறது, அதில் நாலைந்து எழுத்துகள் விழுவதில்லை. உள்ளே இருக்கும் கீபோர்டை மாற்ற சர்வீஸ் கடையில் கேட்டால் பாகம், கூலி எல்லாம் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டிப் போகிறது. கையில் இருப்பது 700 ரூபாய். வெளியே யூஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் செருகிக்கொள்வதுதான் நடக்கிற காரியம். அவருக்கு இரண்டு வேலைகள் ஆக வேண்டும். ஒன்று, டேலி. இன்னொன்று, தமிழ்99-இல் தமிழ்த் தட்டச்சு. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டே கடைக்குள் போவோம், ஏனென்றால் என்ன வேலை என்று தெரியாமல் கீபோர்டை நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

கிளம்பும் முன் வீட்டில் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். லேப்டாப்பில் எழுத்து விழாமல் இருப்பது ஒரு கோளாறு. எழுத்து தானாகவே வரிசையாக விழுந்துகொண்டிருப்பது வேறு கோளாறு. முதல் வகைக்கு வெளிக் கீபோர்டு போதும். இரண்டாவது வகையில் உள்ளே ஒரு பொத்தான் அழுந்திய நிலையிலேயே நிற்கிறது என்று பொருள். எத்தனை நல்ல கீபோர்டை வெளியே செருகினாலும் அந்த எழுத்து விழுந்துகொண்டே இருக்கும். அப்படியானால் லேப்டாப்பின் உள் கீபோர்டு ரிப்பனைக் கழற்றிவிடும்படி மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். சின்ன வேலைதான். இது தெரியாமல் புதுக் கீபோர்டு பழுது என்று கடைக்குத் திரும்பி வந்து சண்டை போடுகிறவர்கள் நிறைய.

700 ரூபாய் எதை வாங்கும்

இந்த விலையில் நேர்மையாகக் கிடைப்பது ஒயர் வைத்த மெம்பரேன் கீபோர்டு. அதன் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் கடையில் எதைச் சோதிக்க வேண்டும் என்பது தானாகவே புரியும். பின்பக்கத் திருகுகளைக் கழற்றினால் உள்ளே மூன்று பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சிட்டிருப்பார்கள். நடுத் தாள் வெறும் தடுப்பு. ஒவ்வொரு பொத்தானுக்கும் நேராக அதில் ஓர் ஓட்டை. இந்தத் தாள்களுக்கு மேலே குட்டிக் குட்டி ரப்பர் குமிழ்கள். பொத்தானை அழுத்தினால் குமிழ் மடங்கி மேல் தாளைக் கீழே தள்ளும், ஓட்டை வழியாக இரண்டு கோடுகளும் தொட்டுக்கொள்ளும், எழுத்து விழும். விரலை எடுத்தால் பொத்தானை மேலே தூக்கிவிடுவதும் அதே குமிழ்தான்.

இதில் விலை குறைக்க நினைப்பவர் கைவைக்கக்கூடிய இடங்கள் மூன்று. ரப்பர் மட்டமாக இருந்தால் சில மாதங்களில் பொத்தான் எழும்பாமல் சோர்ந்துவிடும். பொத்தானின் கால் இறங்கும் பிளாஸ்டிக் குழல் சரியாக வார்க்கப்படாவிட்டால் ஓரத்தில் அழுத்தும்போது சிக்கும். மூன்றாவது, தாள்களிலிருந்து வரும் கோடுகள் சின்ன சர்க்யூட் பலகையோடு சேரும் இடம். அங்கே ஈயப் பற்று கிடையாது. தாளின் நுனியைப் பலகைமேல் வைத்து ஒரு பட்டையால் அழுத்தித் திருகியிருப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பிடி தளர்ந்தால் ஒரு பொத்தான் போகாது, ஒரே நேரத்தில் ஐந்தாறு பொத்தான்கள் சேர்ந்து போகும்.

இந்த விலைக்குப் பக்கத்திலேயே கண்ணைப் பறிக்கும் வேறு இரண்டு வகைகள் இருக்கும். ஒன்று, வானவில் நிறத்தில் விளக்கெரியும் கேமிங் கீபோர்டு. பெட்டியில் 'மெக்கானிக்கல் ஃபீல்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். 'ஃபீல்' என்ற அந்தச் சொல் இருந்தாலே உள்ளே இருப்பது மெக்கானிக்கல் அல்ல, அதே ரப்பர் குமிழ்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் கடைக்காரர் அனுமதியோடு ஒரு பொத்தான் மூடியை மேலே இழுத்துப் பாருங்கள். உண்மையான மெக்கானிக்கலில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியாக ஒரு சதுரப் பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். மெம்பரேனில் சட்டத்தோடு சேர்த்தே வார்த்த குழல் இருக்கும். மூடிக்குக் கீழே கூட்டல் குறி போன்ற காம்பு தெரிகிறது என்பதை மட்டும் வைத்து ஏமாற வேண்டாம், அதைச் சில மெம்பரேன் கீபோர்டுகளிலும் வைத்துவிடுகிறார்கள். விளக்குக்குப் போகிற காசு குமிழிலும் குழலிலும் குறைந்துதான் வரும்.

இன்னொன்று ஒயர்லெஸ். இந்த விலையில் வேண்டாம். பேட்டரிச் செலவு ஒருபுறம் இருக்கட்டும், அதோடு வரும் நகம் அளவு யூஎஸ்பி ரிசீவர் தொலைந்தால் மலிவான மாடல்களுக்கு அதை மட்டும் தனியாக வாங்க வழியே இருக்காது. கீபோர்டு நன்றாக இருக்கும், பயன்படாது.

(தட்டச்சுப் பயிலகங்களிலும் டிடிபி கடைகளிலும் 'டக் டக்' என்று சத்தம் போடும் டிவிஎஸ் கோல்டு பற்றி யாராவது சொல்வார்கள். உண்மையான மெக்கானிக்கல், உழைப்பாளி. ஆனால் புதிதாக வாங்க இந்த பட்ஜெட்டைப் போல மூன்று மடங்குக்கு மேல் வேண்டும்.)

செருகும் முன் கண்ணால் பார்க்க வேண்டியது

கடைக்காரர் மூன்று பெட்டிகளைக் கண்ணாடி மேசைமேல் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் தெரியாத ஒன்று 320 ரூபாய். தெரிந்த கம்பெனியின் சாதாரணக் கறுப்புக் கீபோர்டு 550. விளக்கெரியும் கேமிங் 680. செருகிப் பார்ப்பதற்கு முன்பே பொத்தான்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். செருகினால் எல்லாமே வேலை செய்யும், அதன்பிறகு குறை கண்ணில் படாது.

முதலில் என்டர் பொத்தான். நம் ஊரில் லேப்டாப்புகளிலும் கல்லூரி லேபிலும் பெரும்பாலும் இருப்பது கிடையாகப் படுத்த நீளமான என்டர். அதற்கு நேர் மேலே பின்சாய்வுக்கோடு `\`. சில மலிவுக் கீபோர்டுகளில் என்டரை இரண்டு வரிசை உயரத்துக்குப் பெரிதாக்கி, அந்த `\` பொத்தானைத் தூக்கி பேக்ஸ்பேஸ் பக்கத்தில் சொருகி, பேக்ஸ்பேஸை ஓர் எழுத்து அளவுக்குச் சுருக்கிவிடுவார்கள். வேகமாகத் தட்டுகிறவர் அழிக்க நினைத்து ஒவ்வொரு முறையும் `\` போடுவார். பழகிவிடும் என்பார்கள். வீட்டில் ஒன்று, லேபில் ஒன்று என்று இருந்தால் பழகவே பழகாது.

தமிழ்99 அடிப்பவருக்கு வலது கையோரம் இன்னும் முக்கியம். ஆங்கிலத்தில் நிறுத்தற்குறியாக இருக்கும் பொத்தான்களில் தமிழ்99 உயிர்மெய் எழுத்துகளை வைத்திருக்கிறது: `[` அடித்தால் ச, `]` அடித்தால் ஞ, `;` என்றால் ந, `'` என்றால் ய, `/` என்றால் ழ. ஆங்கிலம் மட்டும் அடிப்பவர் எப்போதாவது தொடும் இடம் இது. தமிழ் அடிப்பவர் ஒவ்வொரு வரியிலும் தொடுவார். அகலத்தை மிச்சம்பிடிக்க இந்த ஐந்தில் ஏதாவதொன்றைக் குறுக்கியிருந்தாலோ, வலது ஷிப்டைச் சுருக்கி அங்கே அம்புக்குறியை நுழைத்திருந்தாலோ, அந்தக் கீபோர்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்து `F`, `J` இரண்டின் மேலும் விரலால் தடவிப் பாருங்கள். சின்ன மேடு கையில் தட்டுப்பட வேண்டும். பார்க்காமல் அடிக்கும்போது விரல் தன் இடத்தைக் கண்டுகொள்வது அதை வைத்துத்தான். தமிழ்99-இல் `F` தான் புள்ளி. தமிழில் புள்ளி வைத்த மெய்யெழுத்து அடிக்கடி வரும் என்பதால் இந்தப் பொத்தான் நிறைய அடி வாங்கும். மேடு பெயருக்கு இருந்தால் ஆறு மாதத்தில் தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும்.

டேலிக்காக மேல் வரிசையைப் பார்க்க வேண்டும். பேமென்டுக்கு `F5`, ரசீதுக்கு `F6`, ஜர்னலுக்கு `F7`, விற்பனைக்கு `F8`, கொள்முதலுக்கு `F9` என்று அந்த வரிசையில்தான் வேலையே நடக்கும். சில கீபோர்டுகளில் இந்தப் பொத்தான்கள் இயல்பாக ஒலி, பாட்டு, மெயில் என்று போய்விடும். `F7` வேண்டுமென்றால் இன்னொரு பொத்தானைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவருக்கு அது சித்திரவதை. அதே காரணத்துக்காகத்தான் வலப்பக்க எண் பலகை இல்லாத குட்டைக் கீபோர்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த மாணவிக்கு ஆகாது. டெலீட் பொத்தானுக்கோ அம்புக்குறிக்கோ ஒட்டினாற்போல் 'பவர்', 'ஸ்லீப்' பொத்தான்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கை தவறினால் பாதி வேலையில் கணினி தூங்கப்போய்விடும்.

நம் மூன்றில், 320 ரூபாய்க் கீபோர்டு இங்கேயே விழுந்துவிடுகிறது: பெரிய என்டர், சுருங்கிய பேக்ஸ்பேஸ்.

போனில் செருகிச் சோதிப்பது

"செருகிப் பார்க்கணும்ணா" என்றால், சிஸ்டத்தில் ஆள் இருக்கிறார், அப்புறம் பாருங்கள் என்பார்கள். கூட்ட நேரத்தில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் அதற்கு நேரம் இருக்காது என்பதும் உண்மைதான். இதற்கு எளிய வழி, ஆண்ட்ராய்டு போனும் ஓர் ஓடிஜி அடாப்டரும். அந்த அடாப்டரின் ஒரு முனை போனில், மறுமுனையில் கீபோர்டு. குறிப்பெழுதும் செயலி எதையாவது திறந்து தட்டினால் எழுத்து விழும். சில போன்களில் ஓடிஜியை அமைப்புகளுக்குள் போய்த் தனியாக இயக்க வேண்டும், கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானே அணைந்தும்விடும். ஆகவே வீட்டிலேயே பென்டிரைவ் ஒன்றைச் செருகிப் பழகிக்கொண்டு கிளம்புங்கள்.

கடையில் தட்ட வேண்டியது இரண்டு வரிகள்:

```
the quick brown fox jumps over the lazy dog
1234567890-=[]\;',./`
```

முதல் வரியில் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் வந்துவிடும். இரண்டாவது வரியில் எண்களும், மேலே சொன்ன தமிழ்99 பொத்தான்களும். பிறகு இதே இரண்டையும் இடது ஷிப்டைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை, வலது ஷிப்டைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை. பலர் ஒரு ஷிப்டைத்தான் சோதிப்பார்கள், மற்றது செத்திருக்கும். `Num Lock` விளக்கை எரியவிட்டு எண் பலகையில் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை, நான்கு கணக்குக் குறிகள், புள்ளி, அங்கிருக்கும் தனி என்டர். `F` வரிசை போன் குறிப்பில் தெரியாது. அதற்கு மட்டும் கடைக் கணினியை ஒரு நிமிடம் கேளுங்கள், அல்லது போன் உலாவியில் கீபோர்டு டெஸ்டர் பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் கணினி கிடைத்தால் விண்டோஸ் பொத்தானோடு `R` அழுத்தி `osk` என்று தட்டினால் திரையில் ஒரு கீபோர்டு வரும். நீங்கள் அழுத்துவது அதிலும் மின்னும். `F` வரிசை தெரிய அந்தத் திரைக் கீபோர்டில் `Fn`-ஐச் சொடுக்க வேண்டும்.

எல்லா எழுத்தும் விழுகிறது என்பதோடு கடைக்காரர் பெட்டியை மூடப் பார்ப்பார். உண்மையில் சோதனை இனிமேல்தான். புதுக் கீபோர்டில் பொத்தானின் நடுவில் நிதானமாக அழுத்தினால் மட்டமானதும் வேலை செய்யும். நாம் தட்டும்போது விரல் நடுவில் விழுவதில்லை. ஸ்பேஸ் பாரின் இடது நுனியை மட்டும் அழுத்துங்கள், பிறகு வலது நுனியை. இரண்டிலும் பொத்தான் முழுவதும் சமமாகக் கீழிறங்கி, இடைவெளி விழ வேண்டும். நுனி மட்டும் சாய்ந்து மறுமுனை நிற்கிறது என்றால், பாருக்குக் கீழே இரண்டு முனைகளையும் இணைத்துப் பிடிக்கும் கம்பி சரியாக மாட்டவில்லை, அல்லது கம்பியே இல்லை. இதையே என்டர், பேக்ஸ்பேஸ், இரண்டு ஷிப்டுகள், எண் பலகையின் கூட்டல் குறி ஆகியவற்றிலும் செய்ய வேண்டும். பிறகு சாதாரண எழுத்துகளில் ஏழெட்டை எடுத்து நான்கு மூலைகளிலும் அழுத்திப் பாருங்கள். மூலையில் அழுத்தும்போது கரகரவென்று உரசினாலோ, பாதியில் நின்று பிறகு 'டப்' என்று இறங்கினாலோ குழல் சரியில்லை. தூசி படிந்தபின் இது கூடுமே தவிரக் குறையாது.

அடுத்தது எண்ணிக்கைச் சோதனை. ஏதாவதொரு எழுத்தை வேகமாகச் சரியாக 20 முறை தட்டுங்கள், ஐந்தைந்தாக இடைவெளி விட்டு. திரையில் 20 இருக்க வேண்டும். 18 இருந்தால் குமிழ் முழுதாகத் தாளைத் தொடவில்லை. 22 இருந்தால் ஒரே தட்டு இரண்டாகப் பதிவாகிறது. பழைய மெக்கானிக்கல் கீபோர்டுகளை வாங்கும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டிய கோளாறு அது. `F`, `H`, ஸ்பேஸ், என்டர் என நான்கில் செய்தால் போதும், 104 பொத்தானுக்கும் செய்துகொண்டிருக்க முடியாது.

சோதனையில் நாலைந்து எழுத்துகள் சேர்ந்தாற்போல் விழாமல் போனால், மேல் வலது மூலையில் விளக்குகள் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மறுபடி தட்டிப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் சர்க்யூட் பலகை அதற்குக் கீழேதான் இருக்கும். அழுத்தும்போது எழுத்துகள் திரும்பி வந்தால் நான் மேலே சொன்ன அந்தப் பிடி தளர்ந்திருக்கிறது. "அது ஒண்ணுமில்லம்மா, டைட் பண்ணித் தரேன்" என்பார்கள். புதுசுக்கு அந்த வைத்தியம் வேண்டாம், வேறு பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தும் சோதனை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வைத்து நல்ல கீபோர்டை ஒதுக்குகிறவர்கள் உண்டு. மலிவான கீபோர்டில் பொத்தான்களுக்குத் தனித்தனி ஒயர் கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளைச் சிப் மாறி மாறிப் பார்க்கிறது. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் இருக்கும் பொத்தான்களை ஒன்றாக அழுத்தினால் நான்காவதும் அழுந்தியதுபோலத் தெரியும். இல்லாத எழுத்தைப் போட்டுவிடக் கூடாதே என்று சிப் மூன்றாவதைத் தடுத்துவிடும். இது பழுதல்ல, அமைப்பின் எல்லை. விளையாடுகிறவருக்குத் தொல்லை. கணக்கும் கட்டுரையும் அடிக்கிறவருக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது. கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் ஆகியவற்றில் இரண்டைப் பிடித்துக்கொண்டு ஓர் எழுத்து ஒழுங்காக வேலை செய்தால் போதும்.

நம் கடையில், 680 ரூபாய்க் கேமிங் கீபோர்டில் எல்லா எழுத்தும் விழுந்தது. ஆனால் ஸ்பேஸ் பாரின் வலது நுனி சாய்கிறது, ஷிப்ட் ஓரத்தில் சிக்குகிறது. 550 ரூபாய்க் கறுப்பில் இரண்டும் சரி.

ஒயர், எழுத்து, அடிப்பாகம்

ஒயர் முதலில் அறுவது கீபோர்டுக்குள் நுழையும் இடத்தில், அடுத்தபடியாக யூஎஸ்பி பிளக்கின் கழுத்தில். இரண்டு இடத்திலும் வளைந்துகொடுக்கும் ரப்பர் கழுத்து இருக்க வேண்டும். போனில் செருகியிருக்கும்போதே ஓர் எழுத்தை அழுத்திப் பிடியுங்கள். `jjjjjj` என்று ஓடிக்கொண்டிருக்கும். மற்ற கையால் அந்த இரண்டு இடங்களையும் மெதுவாக இப்படியும் அப்படியும் வளையுங்கள். ஓட்டம் நின்றாலோ கீபோர்டு விளக்கு ஒரு கணம் அணைந்து எரிந்தாலோ உள்ளே இழை அறுந்திருக்கிறது. லேப்டாப்போடு மேசையில் வைக்க ஒன்றரை மீட்டர் ஒயர் தாராளம்.

எழுத்து அச்சு எப்படியிருக்கிறது என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி மெல்லிய பளபளப்புப் படலம் தெரிந்தாலோ, நகத்தின் முதுகால் தடவும்போது எழுத்தின் விளிம்பு தட்டுப்பட்டாலோ அது மேலே ஒட்டிய மை. அதிகம் அடிபடும் பொத்தான்களில் முதலில் அழியும். மலிவு விலையில் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும், இதற்காக மட்டும் ஒன்றை ஒதுக்கத் தேவையில்லை. பார்க்காமல் அடிக்கப் பழகுகிறவருக்கு அது நஷ்டமும் இல்லை. தமிழ் எழுத்து ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுவதைத்தான் நான் பரிந்துரைக்க மாட்டேன். விரல் வியர்வையில் ஓரம் தூக்கி, பசை பொத்தானுக்கு நடுவில் இறங்கும். ஓர் அட்டையில் தமிழ்99 படத்தை அச்செடுத்துத் திரைக்குக் கீழே செருகிவைப்பது மேல்.

கீபோர்டைத் திருப்பினால் அடியில் சின்னச் சின்ன வடிகால் ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். லாஜிடெக் கே120 போன்ற சில சாதாரண மாடல்களிலேயே அப்படி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் சிந்தினால் அது தாள்களுக்கு நடுவே தேங்காமல் கீழே இறங்க வழி. டீ சிந்தினால் ஓட்டை காப்பாற்றாது. சர்க்கரை உள்ளேயே ஒட்டிக்கொண்டு கோடுகளை அரிக்கும்.

கடைசியாக, மேசைமேல் வைத்து நான்கு மூலைகளையும் மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஆடினால் உடனே கீபோர்டைப் பழிக்க வேண்டாம், கடை மேசை கோணலாக இருக்கலாம். கீபோர்டைக் கால் சுற்று திருப்பி வைத்து மறுபடி அழுத்துங்கள். முன்பு ஆடிய அதே மூலை இப்போதும் ஆடினால் கீபோர்டு வளைந்திருக்கிறது. மூலை மாறினால் மேசைதான்.

பில்லும் வாரண்டியும்

பெட்டியில் எம்ஆர்பி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். தெரிந்த கம்பெனி பெயர் இருந்து இவை இல்லையென்றால் அது நகல் என்று சந்தேகிக்கலாம். பெட்டியில் வரிசை எண் போட்டிருந்தால், கீபோர்டின் முதுகில் ஒட்டிய எண்ணும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள்.

பிறகு வரும் கேள்வி, "பில் வேணுமா? வேணும்னா ஜிஎஸ்டி சேரும்." 550 சொன்னவர் 18 சதவீதம் சேர்த்து 649 என்பார். எம்ஆர்பி என்பதே எல்லா வரியும் அடங்கியது, ஆகவே பில் போட்டாலும் அதற்கு மேல் வாங்க முடியாது. அதற்குக் கீழே இருக்கும்வரை பேசிப் பார்க்கலாம். இந்த 99 ரூபாய் வீணா? கம்பெனி வாரண்டி உள்ள கீபோர்டுக்கு வீணில்லை. பில் இல்லாவிட்டால் கடைக்காரர் தருவது 'டெஸ்டிங் வாரண்டி' மட்டும்தான், அதாவது கடையில் வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தீர்கள், வாசல் தாண்டினால் பொறுப்பு அவருடையதல்ல. மாடலைப் பொறுத்து கம்பெனி ஒன்று முதல் மூன்று ஆண்டுவரை தருகிற வாரண்டியை 99 ரூபாய்க்காக விடுவது கணக்காகாது. பில்லில் வெறுமனே 'கீபோர்டு' என்று எழுதாமல் மாடல் எண்ணையும், இருந்தால் வரிசை எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

700-க்கும் வழியில்லாதவருக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அலுவலகங்கள் கணினிகளை மொத்தமாக மாற்றும்போது கழித்துவிட்ட கீபோர்டுகள் பழைய சாமான் கடைகளில் இதில் பாதிக்கும் குறைவான விலைக்குக் குவிந்து கிடக்கும். கம்பெனி கணினியோடு சேர்ந்து வந்த பழைய கனமான கீபோர்டு, 320 ரூபாய்ப் புதுசைவிடப் பல நேரம் மேல். சோதனைகள் அதேதான், 20 முறைத் தட்டலை மட்டும் கூடுதலான பொத்தான்களில் செய்யுங்கள். ஊதா நிற உருண்டைப் பிளக் இருந்தால் எடுக்காதீர்கள். லேப்டாப்பில் அதற்குத் துளையே இருக்காது. பக்கத்திலேயே விற்கும் சின்ன யூஎஸ்பி மாற்றுப் பிளக், உருண்டைப் பிளக், யூஎஸ்பி என இரண்டு முறையிலும் இயங்கத் தெரிந்த கீபோர்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும். எல்லாவற்றுக்கும் வேலை செய்யும் மாற்றியில் சிப் வேண்டும், அதன் விலை கீபோர்டையே தொட்டுவிடும்.

மாணவி 649 கொடுத்து அந்தக் கறுப்புக் கீபோர்டை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்த முதல் வாரமே எண் பலகை, `F` வரிசை, தமிழ்99 என எல்லாவற்றிலும் நிறையத் தட்டி வேலை வாங்க வேண்டும். கடைக்காரர் முகம் மறக்கும் முன் போய் நின்றால் மாற்றித் தருவார். பெட்டியை எறியாமல் பில்லோடு சேர்த்துப் பரண்மேல் போட்டு வைக்கவும். லேப்டாப்போடு பையில் எடுத்துப் போவதாக இருந்தால் ஒயரைக் கீபோர்டைச் சுற்றி இறுக்கிக் கட்டாமல் தளர்வான வளையமாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போடவும். கழுத்தில் மடித்து மடித்துச் சுற்றுகிற ஒயர்தான் சீக்கிரம் அறுகிறது.